இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டு நிறுவனம்: தொடர்பு அலுவலகமா, கிளையா, துணை நிறுவனமா? ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இந்தியாவில் கால் வைக்கத் தீர்மானித்ததும், முதலில் கேட்பது "எது மலிவு, எது சீக்கிரம் முடியும்?" என்றுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் பெரும்பாலும், இங்கே சம்பாதிக்க அனுமதியில்லாத தொடர்பு அலுவலகத்தில் போய் நிற்கும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், அந்த அலுவலகத்தில் இருக்கும் மூன்று பேரும் விற்பனை செய்துகொண்டிருப்பார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்தியாவில் உட்காரப் போகிறவர்கள் தினமும் என்ன வேலை செய்வார்கள், விலையை யார் பேசுவார்கள், வாடிக்கையாளருக்குப் பில் யார் பெயரில் போகும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் எந்த வடிவம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

உலகின் பல நாடுகளில் இந்த மூன்று வடிவங்களும் வேறு வேறு பெயரில் உண்டு. இங்கே இந்தியச் சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். மூன்றுக்கும் தனித்தனியாக எல்லை வகுத்த சட்டம் இங்கே இருக்கிறது, அந்த எல்லையைத் தாண்டியவர்கள் மீது நீதிமன்றத் தீர்ப்புகளும் இருக்கின்றன.

விளக்க வசதிக்காக ஒரு கற்பனை நிறுவனம். ஜெர்மனியில் துல்லிய அளவீட்டு இயந்திரங்கள் செய்கிறது. இந்தியாவில் ஒரு விநியோகஸ்தர் மூலம் ஏற்கெனவே சில இயந்திரங்கள் விற்றிருக்கிறது. இப்போது புனேயில் மூன்று பேரை வைக்க நினைக்கிறது: ஒரு மேலாளர், ஒரு சர்வீஸ் பொறியாளர், ஒரு விற்பனையாளர்.

படி 1: வேலைப் பட்டியலை எழுதுங்கள்

படிவம், அனுமதி எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தாளை எடுத்து, அந்த மூவரும் செய்யப்போகும் வேலைகளை வினைச்சொற்களாக எழுதுங்கள். "சந்தையை வளர்ப்பது" மாதிரி எழுதினால் பயனில்லை. கண்காட்சியில் அரங்கு அமைப்பது, விசாரணை வந்தால் ஜெர்மனிக்கு அனுப்புவது, விலைப்பட்டியல் தருவது, தள்ளுபடி பேசுவது, ஆர்டர் வாங்குவது, இயந்திரத்தை நிறுவுவது, ஆண்டுப் பராமரிப்புக்குக் கட்டணம் வசூலிப்பது என்று எழுத வேண்டும்.

நம் ஜெர்மன் நிறுவனம் இப்படி எழுதினால் என்ன தெரிகிறது? முதல் இரண்டு வேலைகளைத் தொடர்பு அலுவலகம் செய்யலாம். தள்ளுபடி பேசுவதையும் கட்டணம் வசூலிப்பதையும் அது தொடவே கூடாது. விற்பனையாளரை வேலைக்கு எடுத்து, அவரை விசாரணைகளை அனுப்பும் தபால்காரராக மட்டும் வைத்திருப்போம் என்று சொல்வது நடைமுறையில் நிற்காது. நல்ல விற்பனையாளர் விலை பேசாமல் இருக்கமாட்டார். எனவே, பட்டியலில் "விற்பனையாளர்" என்ற பதவி இருந்தாலே தொடர்பு அலுவலகத்தைப் பற்றி இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

படி 2: தொடர்பு அலுவலகம் எதுவரை தாங்கும்?

தொடர்பு அலுவலகத்துக்கும் கிளை அலுவலகத்துக்கும் அடிப்படை விதிகள் 2016 மார்ச் 31 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைகளில் இருக்கின்றன. இவற்றை மாற்றியமைக்கும் வரைவு ஒன்றை 2025-ல் ரிசர்வ் வங்கி கருத்துக்காக வெளியிட்டது. எனவே விண்ணப்பிக்கும் நாளில் எது அமலில் உள்ளது என்று உங்கள் வங்கியிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வருவது 2016 விதிகளின்படி.

தொடர்பு அலுவலகம் செய்யக்கூடியவை நான்குதான். தாய் நிறுவனத்தின் பிரதிநிதியாக இருப்பது, ஏற்றுமதி இறக்குமதிக்கு ஊக்கம் தருவது, தொழில்நுட்ப, நிதிக் கூட்டுறவுகளுக்கு வழி செய்வது, தாய் நிறுவனத்துக்கும் இந்திய நிறுவனங்களுக்கும் நடுவே தகவல் வழியாக இருப்பது. இந்தியாவில் ஒரு ரூபாய்கூட சம்பாதிக்கக் கூடாது. வாடகை, சம்பளம், பயணச் செலவு எல்லாம் தலைமை அலுவலகத்திலிருந்து வங்கி வழியாக வரும் பணத்தில்தான் நடக்க வேண்டும். கமிஷனும் கூடாது, சேவைக் கட்டணமும் கூடாது.

தகுதி இரண்டு. சொந்த நாட்டில் கடைசி மூன்று நிதியாண்டுகளிலும் லாபம் காட்டியிருக்க வேண்டும். நிகர மதிப்பு குறைந்தது 50,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும். நிகர மதிப்பு என்பது செலுத்தப்பட்ட மூலதனமும் கட்டுப்பாடற்ற கையிருப்புகளும் சேர்ந்த தொகையிலிருந்து, நற்பெயர், காப்புரிமை மாதிரி தொட்டுப் பார்க்க முடியாத சொத்துகளைக் கழித்தது. இளம் தொழில்நுட்ப நிறுவனங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஏட்டில் பெரிய மூலதனம் தெரியும். கழித்துப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது. அப்படியானால் தகுதியுள்ள தாய் நிறுவனத்திடமிருந்து ஓர் உறுதிக் கடிதம் வாங்கி இணைக்கலாம்.

செய்முறை இது. இந்தியாவில் அந்நியச் செலாவணி கையாள அனுமதி பெற்ற வங்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் வழியாக `FNC` படிவத்தைத் தர வேண்டும். ரிசர்வ் வங்கிக்கு நேராகப் போக வேண்டியதில்லை. உடன் பதிவுச் சான்றிதழ், நிறுவன விதிமுறைகள், தணிக்கை செய்த மூன்று ஆண்டு இருப்புநிலைக் குறிப்புகள், தாய் நிறுவனத்தின் வங்கி தரும் அறிக்கை, இந்தியாவில் கையெழுத்திடப் போகிறவருக்கான அதிகாரப் பத்திரம் ஆகியவை வேண்டும். வெளிநாட்டில் உருவான ஆவணங்கள் அந்த நாட்டிலேயே நோட்டரி கையெழுத்தும், அப்போஸ்டில் என்னும் அரசுச் சான்று முத்திரையும் முடிந்து வர வேண்டும். தேதி தள்ளிப்போகும் திட்டங்களில் பெரும்பாலும் காரணம் இந்த அப்போஸ்டில்தான். ரிசர்வ் வங்கியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பும் சேர்த்து முதல் வாரத்திலேயே அந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

வங்கி படிவத்தைப் பார்த்துவிட்டு, ரிசர்வ் வங்கியிடம் தனித்த அடையாள எண் ஒன்றைப் பெற்று, அனுமதிக் கடிதம் தரும். பாதுகாப்புத் துறை, தொலைத்தொடர்பு, தனியார் பாதுகாப்பு, தகவல் ஒலிபரப்பு ஆகிய துறைகளுக்கும், சில நாடுகளிலிருந்து வருபவர்களுக்கும் இந்த எளிய வழி போதாது. அரசுத் தரப்பு ஒப்புதலும் தேவைப்படும். கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் அலுவலகத்தைத் திறக்க வேண்டும். திறந்த 30 நாளுக்குள் நிறுவனங்கள் பதிவாளரிடம் `FC-1` என்ற பதிவுப் படிவத்தைப் போட வேண்டும். அனுமதி பொதுவாக மூன்று வருடம். நடத்தை ஒழுங்காக இருந்தால் வங்கியே நீட்டித்துத் தரும்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும்?

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் பாருங்கள். தொடர்பு அலுவலகத்தின் முழு ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது.

இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்களில் "நிரந்தர நிறுவனம்" என்று ஒரு கருத்து உண்டு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு இந்தியாவில் அப்படி ஒன்று இருந்தால், அதன் வழியாக வந்த லாபத்துக்கு இந்தியா வரி போடலாம். ஆனால் ஓர் அலுவலகம் ஆயத்த வேலையும் துணை வேலையும் மட்டும் செய்தால் அது நிரந்தர நிறுவனம் ஆகாது. தொடர்பு அலுவலகம் வரியில்லாமல் நிற்பது இந்த ஒரு விதிவிலக்கின் மேல்தான்.

2020 ஏப்ரலில் யூஏஇ எக்ஸ்சேஞ்ச் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிவிலக்கை ஏற்றது. வளைகுடாவிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புபவர்களின் விவரங்களை இந்தியத் தொடர்பு அலுவலகங்கள் கணினியில் இறக்கி, காசோலை அச்சிட்டு, கூரியரில் அனுப்பின. பணம் அனுப்பும் ஒப்பந்தம் அங்கேயே முடிந்துவிட்டது. கட்டணமும் அங்கேயே வாங்கியாயிற்று. இங்கே நடந்தது துணை வேலைதான் என்றது நீதிமன்றம்.

இதற்கு மறுபக்கம், அமெரிக்க நிறுவனமான பிரவுன் அண்ட் ஷார்ப் வழக்கு. 2014-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தொடர்பு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு விற்பனை ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்று இருந்தது. எத்தனை ஆர்டர் கிடைத்தது என்பதை வைத்து அவர்களுடைய வேலை மதிப்பிடப்பட்டது. தகவல் பரிமாற மட்டும் வைத்த ஆளுக்கு ஆர்டர் எண்ணிக்கையில் ஊக்கத்தொகை எதற்கு? விலக்கு கிடைக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை மனிதவளத் துறை யோசனையில்லாமல் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி அனுப்பும் ஊக்கத்தொகைக் கடிதம், ஒரு நிறுவனத்தின் வரி நிலையையே மாற்றிவிடும்.

இன்னொன்று, 2011-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஜெபான் கார்ப்பரேஷன் வழக்கு. கொரிய நிறுவனத்தின் தொடர்பு அலுவலக ஊழியர்கள் வாங்குபவரைக் கண்டுபிடித்து, விலை பேசி, ஆர்டரைப் பின்தொடர்ந்தார்கள். அலுவலகம் நிரந்தர நிறுவனம் என்றே முடிவானது. ரிசர்வ் வங்கி எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லையே என்ற வாதம் எடுபடவில்லை. "வங்கி ஒன்றும் சொல்லவில்லை, எனவே நாம் சரியாகத்தான் இருக்கிறோம்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். வங்கி பார்ப்பது ஒன்று, வருமான வரித்துறை பார்ப்பது வேறு.

வரி அதிகாரி எதைக் கேட்பார் என்பதும் தெரிந்த விஷயம்தான்: மின்னஞ்சல்கள், பணிநியமனக் கடிதங்கள், லிங்க்ட்இனில் ஊழியர் தன்னைப் பற்றி எழுதியிருப்பது. "சேல்ஸ் டைரக்டர், இந்தியா" என்று ஒருவர் பெருமையாகப் போட்டிருந்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே தொடர்பு அலுவலகம்தான் என்று முடிவு செய்தால், பதவிப் பெயரிலிருந்து தொடங்குங்கள். விலை கேட்டு மின்னஞ்சல் வந்தால், அதை ஜெர்மனிக்குத் திருப்பிவிட்டு, பதில் அங்கிருந்தே வாடிக்கையாளருக்கு நேராகப் போகட்டும். இந்திய ஊழியருக்கு நகல் போகலாம்; பேச்சு அவருடையதாக இருக்கக் கூடாது.

படி 3: கிளை அலுவலகம்

கிளை சம்பாதிக்கலாம். ஏற்றுமதி இறக்குமதி செய்யலாம், ஆலோசனைச் சேவை தரலாம், மென்பொருள் உருவாக்கலாம், தாய் நிறுவனம் விற்ற பொருளுக்குத் தொழில்நுட்ப உதவி தரலாம், வாங்கும், விற்கும் முகவராக இருக்கலாம். செய்ய முடியாதவை இரண்டு: சில்லறை வணிகம், உற்பத்தி. உற்பத்தி என்பதில் நேரடியாகவும் மறைமுகமாகவும் என்று விதி சொல்வதால், இன்னொருவரிடம் கொடுத்துச் செய்து வாங்குவதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குத் தனி விலக்கு உண்டு.

தகுதி கொஞ்சம் கூடுதல்: ஐந்து வருட லாபம், 1,00,000 டாலர் நிகர மதிப்பு. விண்ணப்ப வழி அதே `FNC`தான்.

கிளையின் இயல்பு ஒரே வரியில் அடங்கும்: அது தனி ஆள் இல்லை. ஒப்பந்தம் ஜெர்மன் நிறுவனத்தின் பெயரில், கடனும் அதன் பெயரில், வழக்கு வந்தால் அதன் மேலேயே. புனேயில் நிறுவிய இயந்திரம் பழுதாகி ஒரு தொழிற்சாலை நின்றால், இழப்பீட்டு வழக்கு நேராக ஜெர்மனியில் உள்ள தாய் நிறுவனத்தின் கதவைத் தட்டும்.

அப்புறம் ஏன் கிளை வைக்கிறார்கள்? சில வேலைகளில் தாய் நிறுவனத்தின் பெயரும் அனுபவமுமே சரக்கு. பெரிய ஒப்பந்தப் புள்ளிகளில் பத்து வருட அனுபவம் காட்டச் சொன்னால், நேற்று பிறந்த துணை நிறுவனத்தால் காட்ட முடியாது, கிளையால் முடியும். பொறியியல் ஆலோசனை நிறுவனங்கள், விமானப் போக்குவரத்து நிறுவனங்கள் கிளையை விரும்புவது புரிந்துகொள்ளக்கூடியதே. லாபத்தை அனுப்புவதும் எளிது: தணிக்கைக்குப் பிறகு, வரி கட்டி, வங்கியிடம் ஆவணம் தந்து அனுப்பிவிடலாம். ஈவுத்தொகை அறிவிக்கும் வேலை இல்லை. ஆனால் தலைமை அலுவலகச் செலவுகளைக் கிளையின் கணக்கில் எழுதிக் கழிப்பதற்கு உச்சவரம்பு உண்டு. சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் 5 சதவீதம் வரைதான். பெரிய தலைமையகச் செலவைப் பங்கிட்டு இந்திய லாபத்தைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு இது ஏமாற்றம் தரும்.

படி 4: முழு உரிமைத் துணை நிறுவனம்

இது இந்தியச் சட்டப்படி பிறந்த ஓர் இந்திய நிறுவனம். பங்குகள் முழுவதும் வெளிநாட்டுத் தாய் நிறுவனத்திடம் இருக்கும். உற்பத்தி செய்யலாம், விற்கலாம், ஆள் எடுக்கலாம், சொத்து வாங்கலாம். தாய் நிறுவனத்தின் பொறுப்பு அது போட்ட மூலதனத்தோடு நின்றுவிடும். கவனிக்க வேண்டியது, இந்திய வங்கி கடன் தரும்போது தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் கேட்கும். அதில் கையெழுத்துப் போட்டதும் அந்தத் தொகை அளவுக்குப் பாதுகாப்புச் சுவர் இடிந்துவிடுகிறது.

முதல் வேலை, உங்கள் துறையில் 100 சதவீத அந்நிய முதலீடு முன்அனுமதி இல்லாமல் அனுமதிக்கப்படுகிறதா என்று பார்ப்பது. இயந்திர உற்பத்தியும் மொத்த வணிகமும் அப்படி அனுமதிக்கப்பட்டவை. இந்தியாவோடு நில எல்லை பகிரும் நாட்டிலிருந்து முதலீடு வந்தால், அல்லது முதலீட்டின் உண்மையான பயனாளி அங்கிருந்தால், 2020 ஏப்ரலில் வந்த, அரசின் முன்அனுமதி கேட்கும் கட்டுப்பாடு உங்களைத் தொடுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஜெர்மன் நிறுவனமாக இருந்தாலும் அதன் பங்குதாரர் யார் என்று மேலே ஏறிப் பாருங்கள்.

அடுத்து ஆட்கள். தனியார் நிறுவனத்துக்கு இரண்டு பங்குதாரர்களும் இரண்டு இயக்குநர்களும் வேண்டும். "முழு உரிமை" என்றால் எப்படி இரண்டு பங்குதாரர்? ஒரே ஒரு பங்கை இன்னொருவர் தாய் நிறுவனத்தின் சார்பில் பெயரளவில் வைத்திருப்பார். உண்மை உரிமை யாருக்கு என்று அறிவித்து `MGT-6` போட வேண்டும். இயக்குநர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருப்பவராக இருக்க வேண்டும். அவர் யார் என்பதைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். ஒரு சேவை நிறுவனம் வாடகைக்குத் தரும் இயக்குநரைப் போடுவது சுலபம்தான். ஆனால் வங்கிக் கணக்கு, வரிக் கையெழுத்து எல்லாம் அவரைச் சுற்றித்தான் வரும். புனே மேலாளரே இயக்குநராக இருப்பது நல்லது.

அப்புறம் `SPICe+` படிவம். பெயர் ஒதுக்கீடு, பதிவு, வரி எண்கள் எல்லாம் இதிலேயே சேர்ந்து வரும். ஜெர்மன் இயக்குநரின் பாஸ்போர்ட், முகவரிச் சான்று, தாய் நிறுவனத்தின் இயக்குநர் குழுத் தீர்மானம் எல்லாம் அப்போஸ்டிலோடு தயாராக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் தீர்மானத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஜெர்மன் உயிரெழுத்துகளின் மேல் வரும் இரட்டைப் புள்ளி ஓர் ஆவணத்தில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போனால், கேள்வி வரும்.

படி 5: மூலதனம் உள்ளே வருவது

நிறுவனம் பதிவானதும் எல்லோரும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அந்நியச் செலாவணித் தவறுகளில் பெரும்பாலானவை இதற்குப் பிறகுதான் நடக்கின்றன.

மூலதனப் பணம் தாய் நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலிருந்து வர வேண்டும். ஜெர்மனியில் குழுமத்தின் பொதுக் கருவூலக் கணக்கு வேறொரு சகோதர நிறுவனத்தின் பெயரில் இருக்கலாம். அங்கிருந்து பணம் வந்தால், பங்கு யாருக்கு, பணம் யாருடையது என்று இந்திய வங்கி கேட்கும். அனுப்பும்போது நோக்கம் "பங்கு மூலதனம்" என்றே எழுதப்பட வேண்டும். "சேவைக்கான முன்பணம்" என்று அனுப்பிவிட்டால், பின்னால் அதைப் பங்காக மாற்றுவது பெரும்பாடு.

பிறகு கூடுதல் மூலதனம் வரும்போது, பணம் வந்த 60 நாளுக்குள் பங்குகளை ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். பங்கின் விலை மதிப்பீட்டாளர் சான்றளித்த நியாய மதிப்புக்குக் குறையக் கூடாது. பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கியின் ஃபர்ம்ஸ் தளத்தில் `FC-GPR` போட வேண்டும். இதற்கு, பணம் வந்ததற்கான வங்கிச் சான்றும், அனுப்பிய வங்கி தரும் வாடிக்கையாளர் அறிக்கையும் தேவை. இரண்டாவது ஆவணம் ஜெர்மன் வங்கியிலிருந்து வர வேண்டும். அது வரத் தாமதமாகித்தான் 30 நாள் கடந்துபோகும். பணம் வந்த அன்றே கேட்டு வாங்குங்கள். தாமதமானால் தாமதக் கட்டணம் கட்டிச் சரிசெய்யலாம். ஆனால் பின்னால் நிறுவனத்தை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் தோண்டுவது இந்தக் கோப்பைத்தான்.

பதிவான 180 நாளுக்குள் `INC-20A` போட்டு, பங்குப் பணம் வந்துவிட்டது என்று அறிவித்த பிறகே வியாபாரம் தொடங்கலாம். அதற்கு முன் பில் போடாதீர்கள்.

படி 6: வரியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்திய வேலையில் ஒரு கோடி ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம்.

கிளையாக இருந்தால் வெளிநாட்டு நிறுவனத்துக்கான விகிதம். 2024 பட்ஜெட்டில் அது 40-லிருந்து 35 சதவீதமாகக் குறைந்தது. 4 சதவீத செஸ் சேர்த்தால் 36.4 சதவீதம்; அதாவது 36.40 லட்சம். ஒரு கோடியைத் தாண்டினால் கூடுதல் வரி சேரும். மீதி 63.60 லட்சத்தை மேலும் இந்திய வரி இல்லாமல் ஜெர்மனிக்கு அனுப்பலாம்.

துணை நிறுவனம் உள்நாட்டு நிறுவனங்களுக்கான 22 சதவீத வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து 25.168 சதவீதம். வரி சுமார் 25.17 லட்சம், மீதி 74.83 லட்சம். இதை முழுவதும் ஈவுத்தொகையாக அனுப்பினால், இந்திய-ஜெர்மன் ஒப்பந்தப்படி 10 சதவீதம் பிடித்தம், ஏறக்குறைய 7.48 லட்சம். மொத்தம் 32.65 லட்சம். கிளையைவிட நாலு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மிச்சம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தாய் நிறுவனம் ஒப்பந்தமே இல்லாத நாட்டில் இருந்தால், ஈவுத்தொகைப் பிடித்தம் செஸ் சேர்த்து 20.8 சதவீதம் ஆகும். அப்போது துணை நிறுவன வழியில் மொத்த வரி 40.73 லட்சம், கிளைதான் மலிவு! லாபத்தை அனுப்பாமல் இந்தியாவிலேயே மறுமுதலீடு செய்தால், மறுபடியும் துணை நிறுவனம் 25.17 லட்சத்தோடு வெகுவாக முன்னே போய்விடும். எனவே வரியை மட்டும் வைத்து ஒப்பிடும்போது இரண்டு கேள்வி: எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள், எத்தனை வருடம் லாபத்தை இங்கே வைத்திருப்பீர்கள்? ஒப்பந்த விகிதம் வேண்டுமென்றால் தாய் நிறுவனத்தின் வரி வதிவிடச் சான்று வருடா வருடம் தேவை; ஈவுத்தொகை பெறுபவர் உண்மையான பயனாளியாகவும் இருக்க வேண்டும்.

துணை நிறுவனத்துக்கு ஒரு நிரந்தர வேலையும் சேரும்: தாய் நிறுவனத்திடம் வாங்கும் இயந்திரத்தின் விலை, அதற்குத் தரும் ராயல்டி, நிர்வாகக் கட்டணம் எல்லாம் தொடர்பில்லாத இருவர் பேசும் விலையில் இருக்க வேண்டும். இதற்குப் பட்டயக் கணக்காளரின் அறிக்கை ஒவ்வொரு வருடமும் தாக்கல் செய்ய வேண்டும். தொகை சின்னதாக இருக்கிறதே என்று விட முடியாது.

படி 7: வருடா வருடம் செய்ய வேண்டியவை

தொடர்பு அலுவலகமும் கிளையும், மார்ச் 31 நிலவரப்படி தணிக்கையாளர் தரும் ஆண்டுச் செயல்பாட்டுச் சான்றிதழை செப்டம்பர் 30-க்குள் வங்கியிடம் தர வேண்டும். அனுமதித்த வேலையை மட்டுமே செய்தோம் என்று தணிக்கையாளர் கையெழுத்திடுவது இதில்தான். பதிவாளரிடம் `FC-3`, `FC-4` என்ற ஆண்டுப் படிவங்களும் உண்டு. துணை நிறுவனம் சாதாரண இந்திய நிறுவனத்தின் எல்லாத் தாக்கல்களையும் செய்யும். கூடவே ஜூலை 15-க்குள் ரிசர்வ் வங்கிக்கு, வெளிநாட்டுக் கடன், சொத்து விவரம் சொல்லும் `FLA` அறிக்கை. வருமானமே இல்லாத தொடர்பு அலுவலகத்துக்கும் வருமான வரித்துறையில் தனி ஆண்டு அறிக்கை உண்டு. இதை மறப்பவர்கள் நிறைய.

படி 8: ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு

"முதலில் தொடர்பு அலுவலகம், பிறகு துணை நிறுவனமாக மாற்றிக்கொள்ளலாம்" என்பது அடிக்கடி கேட்கும் திட்டம். மாற்றுவது என்று ஒன்று கிடையாது. துணை நிறுவனத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும். தொடர்பு அலுவலகத்தைத் தனியாக மூட வேண்டும். ஊழியர்கள் இங்கே விலகி அங்கே சேர வேண்டும். பணிக்கொடை பாக்கியைத் தீர்க்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் புதிதாகப் போட வேண்டும். மேசை, கணினி போன்றவற்றைத் துணை நிறுவனத்துக்கு விற்பதற்கும், வாங்கிய தேதி, விலை, தேய்மானம், விற்பனை மதிப்பு எழுதிய தணிக்கையாளர் சான்று வேண்டும்.

மூடும்போது வங்கி முதலில் கேட்பது, தொடங்கிய நாளிலிருந்து எல்லா ஆண்டுச் செயல்பாட்டுச் சான்றிதழ்களையும்தான். ஒரு வருடம் விட்டுப்போயிருந்தாலும் மீதிப் பணத்தை அனுப்பும் அனுமதி அங்கேயே நின்றுவிடும். வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை, கடன்கள் தீர்ந்தன என்ற உறுதியும் வேண்டும். இப்படி இரண்டு அலுவலகமும் ஒரே நேரத்தில் ஓடும் மாதங்களில், யார் எதற்குச் சம்பளம் வாங்குகிறார் என்பதில் குழப்பமே இருக்கக் கூடாது. துணை நிறுவனத்தின் விற்பனையாளர் தொடர்பு அலுவலகச் சம்பளத்தில் இருந்தால், அத்தனை நாள் காத்த வரி விலக்கைக் கடைசி மூன்று மாதத்தில் இழக்க நேரிடும்.

சரி, நம் ஜெர்மன் நிறுவனத்துக்கு என்ன சொல்வேன்? விநியோகஸ்தர் தொடர்ந்து விற்கட்டும், விலை ஜெர்மனியிலிருந்தே போகட்டும், புனேயில் மேலாளர் ஒருவர் சந்தையைப் பார்க்கட்டும் என்றால், தொடர்பு அலுவலகம் மூன்று வருடத்துக்குப் போதும். ஊக்கத்தொகையைக் குழுமத்தின் மொத்த லாபத்தோடு இணைத்து, இந்திய ஆர்டரிலிருந்து விலக்கிவிட வேண்டும். ஆனால் அவர்கள் பட்டியலில் விற்பனையாளரும் கட்டணப் பராமரிப்பும் இருக்கின்றன. கட்டணம் வாங்கும் பராமரிப்பு தொடர்பு அலுவலகத்தில் நடக்காது. கிளையில் நடக்கும், ஆனால் இழப்பீட்டுப் பொறுப்பு ஜெர்மனிவரை போகும். நாளைக்கு இங்கேயே சில பாகங்களைச் செய்ய நினைத்தால் கிளை அதற்கும் தடை. அவர்களுக்குத் துணை நிறுவனம்தான். முதல் நாளிலேயே அதைத் தொடங்கி, விநியோகஸ்தரின் ஒப்பந்தத்தில் பிரத்யேக உரிமைப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் துணை நிறுவனம் முதல் பில் போடுவதற்கு முன்னால் அதைப் பேசி முடித்துவிட வேண்டும்.